கடைசி நாலு மீட்டர் கம்பி

சித்திரை, வைகாசியில் கோடை மழை இடியோடு வரும்போதும், புரட்டாசி, ஐப்பசி இரவுகளில் வானம் வெட்டி வெட்டி மின்னும்போதும் ஏதாவது ஓர் ஊரில் டிரான்ஸ்பார்மர் எரிந்துவிடும். பம்புசெட் ஓடாது, தெருவிளக்கு எரியாது. "மின்னல் அடிச்சிடுச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் அந்த இரட்டைக் கம்பத்தின் மேலே, ஒவ்வொரு லைனுக்கும் ஒன்றாக மூன்று அரெஸ்டர்கள் இருந்தன. மின்னலிலிருந்து டிரான்ஸ்பார்மரைக் காப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை கிடையாது. காகிதத்தில் கணக்கும் சரியாகவே இருந்தது. அரெஸ்டர் மின்னழுத்தத்தை 30 கிலோவோல்ட்டில் பிடித்து நிறுத்தும், டிரான்ஸ்பார்மர் 75 கிலோவோல்ட் வரை தாங்கும். இரண்டு மடங்குக்கும் மேல் இடைவெளி இருந்தும் எப்படி எரிந்தது?

அரெஸ்டர் பழுதாக இருந்திருக்கலாம், அதற்குப் பிறகு வருகிறேன். நல்ல அரெஸ்டர் இருந்தும் எரிந்த இடங்களில் நான் முதலில் பார்ப்பது அரெஸ்டரை அல்ல, அதை லைனோடும் எர்த்தோடும் இணைக்கும் கம்பியைத்தான். அந்த 30 என்ற எண் அரெஸ்டரின் இரண்டு முனைகளுக்கு இடையே மட்டும்தான் உண்மை. டிரான்ஸ்பார்மர் பார்ப்பது அந்த 30ஐ அல்ல.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் எங்கும் காணும் 11 கிலோவோல்ட், 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒன்றை எடுத்துக்கொண்டு இதை முழுவதும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில், வருவது என்ன? ஒரு மின்னலின் முதல் வீச்சில் பாயும் மின்னோட்டம் நடுத்தரமாக 30 கிலோஆம்பியர் அளவில் இருக்கும். அது நேரே லைனில் விழுந்தால் இருபுறமும் பாதி பாதியாகப் பிரிந்து ஓடும். வேகமாக ஓடும் அலைக்கு மேல்நிலைக் கம்பி சுமார் 400 ஓம் தடையாகத் தெரியும். 15 கிலோஆம்பியரை 400 ஓமால் பெருக்கினால் 60 லட்சம் வோல்ட். இதைத் தாங்க 11 கிலோவோல்ட் லைனின் பீங்கான் இன்சுலேட்டரால் ஆகாது. பக்கத்துக் கம்பங்களிலேயே கிராஸ் ஆர்முக்குப் பொறி பாய்ந்து பெரும்பகுதி பூமிக்குப் போய்விடும். மிச்சம் லைனில் ஓடி வரும். லைனில் விழாமல் பக்கத்துப் பனைமரத்தில் விழுந்த மின்னலும் லைனில் இரண்டு மூன்று லட்சம் வோல்ட் வரை தூண்டிவிட முடியும். இப்படி வரும் அலை டிரான்ஸ்பார்மரை அடையும்போது முட்டுச்சுவரில் மோதியதுபோல் திரும்பும். திரும்பும் அலையும் வரும் அலையும் சேர்வதால் அங்கே மின்னழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 11 கிலோவோல்ட் டிரான்ஸ்பார்மருக்கு வழக்கமாகக் குறிப்பிடப்படும் தாங்குதிறன் 75 கிலோவோல்ட்தான். 1.2 மைக்ரோவினாடியில் உச்சிக்கு ஏறி 50 மைக்ரோவினாடியில் பாதியாகக் குறையும் செயற்கை மின்னல் அலையைச் செலுத்தி, தொழிற்சாலையில் சோதித்துத் தரும் எண் அது. ஆக, அரெஸ்டர் இல்லாமல் பிழைக்க வழியில்லை.

அரெஸ்டருக்குள் இருப்பது துத்தநாக ஆக்சைடு வில்லைகள். ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனத்தில் மிச்சியோ மட்சுவோகா இந்த மண்பாண்டப் பொருளின் விசித்திர குணத்தை 1971இல் வெளியிட்ட கட்டுரையில் விவரித்தார். அதற்கு முன் சிலிக்கான் கார்பைடு வில்லைகளும் அவற்றோடு தொடராக ஒரு காற்று இடைவெளியும் வைத்துச் செய்தார்கள். இடைவெளி இல்லாவிட்டால் அந்தப் பழைய வில்லைகள் சாதாரண நாளிலேயே மின்சாரத்தைப் பூமிக்கு விட்டுக்கொண்டிருக்கும். துத்தநாக ஆக்சைடுக்கு அந்த இடைவெளி தேவைப்படவில்லை. நம் 11 கிலோவோல்ட் லைனில் சாதாரண நாளில் அதன் வழியே ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவாகவே கசியும். மின்னழுத்தம் மூன்று மடங்கானால் 5,000 ஆம்பியர் பாயும். மூன்று மடங்கு அழுத்தத்துக்குச் சுமார் ஒரு கோடி மடங்கு மின்னோட்டம். 5,000 ஆம்பியர் பாயும் அந்த நேரத்தில் அரெஸ்டரின் இரு முனைகளுக்கிடையே நிற்கும் மின்னழுத்தத்தைத்தான் வெளியேற்ற மின்னழுத்தம் என்கிறோம். எஞ்சிய மின்னழுத்தம் என்றும் சொல்வார்கள். மின்னல் போனதும் வில்லை தானாகவே மூடிக்கொள்ளும், லைன் டிரிப் ஆகவேண்டியதில்லை.

இனி எந்த அரெஸ்டரை வாங்குவது? வெளியேற்ற மின்னழுத்தம் குறைவாக இருந்தால் டிரான்ஸ்பார்மருக்கு நல்லது. அப்படியானால் இருப்பதிலேயே சிறிய அரெஸ்டரைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். கூடாது. கண்மாயின் கலுங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கரையைக் காக்கத்தான் கலுங்கு. ஆனால் அதை மிகத் தாழ்வாகக் கட்டினால் வெள்ளமில்லாத நாளிலும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். நாள்தோறும் நிற்கும் நீர்மட்டத்துக்கு மேலேயும் கரைக்குப் போதுமான அளவு கீழேயும் அது இருக்க வேண்டும். அரெஸ்டரைத் தேர்ந்தெடுப்பதும் கீழிருந்து மேலே போகும் வேலைதான். முதலில் நாள்தோறும் நிற்கும் மின்னழுத்தம், பிறகுதான் மின்னல்.

11 கிலோவோல்ட் லைன் என்று பெயர் இருந்தாலும் அது 12 கிலோவோல்ட் வரை ஏறலாம் என்று வைத்துத்தான் கருவிகளைச் செய்கிறார்கள். அது இரண்டு லைன்களுக்கு இடையே உள்ள அளவு. ஒரு லைனுக்கும் பூமிக்கும் இடையே 12ஐ 1.732ஆல் வகுத்தால் 6.9 கிலோவோல்ட். வருடக்கணக்கில் இரவு பகலாக அரெஸ்டர் இதைச் சூடேறாமல் தாங்க வேண்டும். 9 கிலோவோல்ட் அரெஸ்டர் என்று விற்பது 7.65 கிலோவோல்ட்டை இடைவிடாமல் தாங்கும். ஆகவே இந்தப் படியைத் தாண்டிவிட்டது.

அடுத்தது, ஒரு லைன் அறுந்து பூமியில் விழுந்தால் என்ன ஆகும் என்பது. அப்போது மற்ற இரண்டு லைன்களில் பூமிக்கு எதிரான மின்னழுத்தம் ஏறும். துணைமின் நிலையத்தில் நியூட்ரல் நன்றாக எர்த் செய்யப்பட்டிருந்தால் அது 1.4 மடங்கைத் தாண்டாது. 6.9ஐ 1.4ஆல் பெருக்கினால் 9.7 கிலோவோல்ட். 9 என்ற எண்ணுக்கு, அந்த மின்னழுத்தத்தைப் பத்து வினாடி தாங்கும் என்பது பொருள். ஓரிரு வினாடிக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் தாங்கும். அதற்குள் ரிலே வேலை செய்து பிரேக்கர் விழுந்துவிட்டால் பிழைக்கும். நியூட்ரல் எர்த் ஆகாத அமைப்பிலோ, இருந்த எர்த் அறுந்துபோன நிலையத்திலோ கதை வேறு. அங்கே நல்ல லைன்கள் இரண்டிலும் முழு 12 கிலோவோல்ட் நிற்கும். 9 கிலோவோல்ட் அரெஸ்டர் சூடேறி வெடிக்கும். அங்கே 12 கிலோவோல்ட் அரெஸ்டர்தான் போட வேண்டும். ஒரே ஃபீடரில் பல அரெஸ்டர்கள் ஒரே நாளில் வெடித்தன என்றால் மின்னலைக் குற்றம் சொல்வதற்கு முன் துணைமின் நிலையத்தின் நியூட்ரல் எர்த்தைப் போய்ப் பார்ப்பது நல்லது.

பெட்டியில் 9 என்று எழுதியிருப்பதை "9 கிலோவோல்ட்டுக்கு மேல் விடாது" என்று படிப்பவர்கள் உண்டு. அது அரெஸ்டர் தாங்கும் எண், தடுக்கும் எண் அல்ல. தடுக்கும் எண் பட்டியலில் வேறு வரியில் இருக்கும். நம் கணக்குக்கு 5 கிலோஆம்பியரில் 30 கிலோவோல்ட் என்று எடுத்துக்கொள்வோம். இந்த வகை அரெஸ்டருக்கு இது வழக்கமான அளவுதான். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இரண்டு மூன்று கிலோவோல்ட் மாறும்.

இனிப் பாதுகாப்பு இடைவெளி. தாங்குதிறனை டிரான்ஸ்பார்மருக்கு வந்து சேரும் மின்னழுத்தத்தால் வகுத்து, ஒன்றைக் கழித்து, சதவீதமாக்கினால் கிடைப்பது அது. 75ஐ 30ஆல் வகுத்தால் 2.5, ஆக இடைவெளி 150 சதவீதம். அமெரிக்காவின் ஐ.இ.இ.இ. வழிகாட்டி குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. ஏழு மடங்குக்கு மேல் வசதியாக இருக்கிறோம். டெண்டர் ஆவணத்தில் இந்தக் கணக்கு இத்துடன் முடிந்துவிடும்.

கம்பத்தில் முடிவதில்லை. பட்டியலில் உள்ள 30 கிலோவோல்ட், ஆய்வகத்தில் 8 மைக்ரோவினாடியில் உச்சிக்கு ஏறும் மின்னோட்டத்தைச் செலுத்தி அளந்தது. நிஜ மின்னலின் இரண்டாவது, மூன்றாவது வீச்சுகள் ஒரு மைக்ரோவினாடிக்குள்ளேயே ஏறிவிடும். அவ்வளவு வேகமான ஏற்றத்துக்கு வில்லைகளே சற்றுப் பின்தங்கும். வெளியேற்ற மின்னழுத்தம் பத்து சதவீதம்போல் கூடி 33 கிலோவோல்ட் ஆகும். இது சிறிய விஷயம். பெரிய விஷயம் கம்பி.

நேரான எந்தக் கம்பிக்கும் ஒரு மீட்டருக்குச் சுமார் ஒரு மைக்ரோஹென்றி தூண்டல் உண்டு. மின்னோட்டம் மாறும் வேகத்தை அது எதிர்க்கும்.

V = L × di/dt

இதில் V கம்பியின் இரு முனைகளுக்கிடையே எழும் மின்னழுத்தம், L தூண்டல், di/dt மின்னோட்டம் ஏறும் வேகம். ஆய்வக அலையில் 5 கிலோஆம்பியர் 8 மைக்ரோவினாடியில் ஏறுகிறது. மைக்ரோவினாடிக்கு 0.6 கிலோஆம்பியர் என்றால் மீட்டருக்கு 600 வோல்ட்தான். கண்டுகொள்ள வேண்டியதில்லை. அதனால்தான் ஆய்வகத்தில் கம்பி யார் கண்ணிலும் படுவதில்லை. நிஜ மின்னலில் மைக்ரோவினாடிக்கு 10 கிலோஆம்பியர் என்பது அபூர்வமான வேகமல்ல. அப்போது ஒவ்வொரு மீட்டர் கம்பியிலும் 10 கிலோவோல்ட் நிற்கும்.

கம்பியைத் தடிமனாக்கினால் தீருமா? தீராது. இங்கே எதிர்ப்பது செம்பின் தடை அல்ல. ஒரு மீட்டர் கம்பியின் தடை ஓரிரு மில்லிஓம்தான், 5,000 ஆம்பியர் பாய்ந்தாலும் அது சில வோல்ட்டோடு போய்விடும். தூண்டலோ கம்பி தடித்தால் கொஞ்சமே குறையும். நீளம் ஒன்றுதான் கணக்கு. மிச்சமான கம்பியை வெட்டாமல் ஸ்பிரிங்போல் சுற்றிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் சுற்றியதும் தூண்டல் பல மடங்காகிவிடும். இந்த வேலையில் நான் பார்த்ததிலேயே மிகவும் செலவுபிடிக்கும் அலங்காரம் அது.

இப்போது நம் இரட்டைக் கம்பத்துக்கு வருவோம். அரெஸ்டர்கள் மேல் கிராஸ் ஆர்மில் இருக்கின்றன. லைனிலிருந்து அரெஸ்டரின் தலைக்கு ஒரு மீட்டர் ஜம்பர். அரெஸ்டரின் அடியிலிருந்து எர்த் கம்பி கம்பத்தோடு இறங்குகிறது. மூன்று மீட்டர் கீழே, டிரான்ஸ்பார்மர் மட்டத்தில், டேங்க் உடலிலிருந்து வரும் கம்பி அதனோடு சேர்கிறது. டிரான்ஸ்பார்மரின் புஷ்ஷிங் தலைக்கும் டேங்குக்கும் இடையேதான் காப்பு. அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே மின்னலின் பாதையில் கிடப்பது ஒரு மீட்டர் ஜம்பர், அரெஸ்டர், மூன்று மீட்டர் எர்த் கம்பி. ஆக 33ஓடு 40ஐக் கூட்டினால் 73 கிலோவோல்ட். தாங்குதிறன் 75. இடைவெளி 150 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்கு வந்துவிட்டது. அரெஸ்டர் புதிது, நல்லது, வேலையும் சரியாகச் செய்கிறது. அதன் முனைகளில் அளந்தால் 33தான் இருக்கும்.

அதே அரெஸ்டரை டேங்கிலேயே ஒரு பிராக்கெட் வைத்துப் பொருத்தி, புஷ்ஷிங்கிலிருந்து அரை மீட்டரும் டேங்குக்கு அரை மீட்டரும் கம்பி விட்டால் மொத்தம் ஒரு மீட்டர். 33ஓடு 10, ஆக 43 கிலோவோல்ட். இடைவெளி 74 சதவீதம். ஒரு பைசா கூடுதல் செலவில்லை, கம்பி மிச்சம்கூட ஆகும்.

இந்தக் கூட்டல் சற்றுக் கடுமையானது என்பதையும் சொல்ல வேண்டும். கம்பியில் எழும் மின்னழுத்தம் மின்னோட்டம் ஏறும்போது மட்டுமே இருக்கும். அரெஸ்டரின் உச்சமோ மின்னோட்டம் உச்சியை எட்டும்போது வரும். இரண்டும் ஒரே கணத்தில் வருவதில்லை. கம்பியால் எழும் கூர்முனை மைக்ரோவினாடிக்கும் குறைவாகவே நிற்பதால், அவ்வளவு குறுகிய நேரத்துக்கு டிரான்ஸ்பார்மரின் காப்பு 75ஐவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும். அந்தச் சலுகையை எல்லாம் கொடுத்தாலும் எதிர்ப்பக்கத்தில் இரண்டு விஷயங்கள் நிற்கின்றன. மைக்ரோவினாடிக்கு 20 கிலோஆம்பியரில் ஏறும் மின்னலும் வருவதுண்டு, அப்போது நாலு மீட்டரில் மட்டும் 80 கிலோவோல்ட். இன்னொன்று, 75 என்பது புதிய டிரான்ஸ்பார்மரின் எண். பல கோடைகளில் அதிக லோடு இழுத்து, எண்ணெயில் ஈரம் ஏறி, காகிதக் காப்பு நொய்ந்துபோன டிரான்ஸ்பார்மர் 60ஐத் தாண்டாமல் போகலாம். ஒரு மீட்டர் கம்பியோடு 43 வந்தால் அதற்கும் 40 சதவீத இடைவெளி கிடைக்கும். நாலு மீட்டரோடு எதுவும் கிடைக்காது. வழிகாட்டி கேட்கும் 20 சதவீதம் இதுபோன்ற தேய்மானங்களுக்கும் சேர்த்துத்தான்.

நியூட்ரல் எர்த் ஆகாத அமைப்புக்கு 12 கிலோவோல்ட் அரெஸ்டர் வேண்டும் என்று சொன்னேன். அதன் வெளியேற்ற மின்னழுத்தம் 40 என்று வைத்தால் வேகமான அலைக்கு 44. ஒரு மீட்டர் கம்பியோடு 54, இடைவெளி 39 சதவீதம், பரவாயில்லை. நாலு மீட்டரோடு 84. தாங்குதிறனையே தாண்டிவிட்டது. அரெஸ்டர் பெரிதாகப் பெரிதாகக் கம்பிக்கு விட்டுக்கொடுக்க இடம் குறைகிறது.

எர்த் கம்பியில் இன்னொரு வில்லங்கம் உண்டு. அரெஸ்டர்களுக்குத் தனி எர்த் குழி, டேங்குக்குத் தனிக் குழி என்று வைத்து, இரண்டையும் மேலே எங்கும் இணைக்காமல் விட்டுவிடுவார்கள். தனித்தனியாக இருந்தால் பாதுகாப்பு அதிகம் என்ற எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது. நடப்பது நேர்மாறு. அரெஸ்டர் குழியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம், கோடையில் காய்ந்த செம்மண்ணுக்கு அது மோசமான எர்த்துகூட இல்லை. 5 கிலோஆம்பியர் அதில் இறங்கும்போது அந்தக் குழியே 50 கிலோவோல்ட்டுக்கு எழும்பும். பக்கத்துக் குழியில் இருக்கும் டேங்க் அதில் சிறு பகுதிதான் எழும்பும். மிச்சம் அத்தனையும் புஷ்ஷிங்குக்கும் டேங்குக்கும் இடையே வந்து உட்காரும். அரெஸ்டருக்கு 33, கம்பிக்கு ஒரு பங்கு, மண்ணுக்கு ஒரு பங்கு. டேங்கை அரெஸ்டரின் அடியோடு குறுகிய கம்பியால் நேரே கட்டிவிட்டால் மண் கணக்கிலிருந்து வெளியே போய்விடும். குழி 50 கிலோவோல்ட் எழும்பினால் டேங்கும் அதோடு சேர்ந்து எழும்பும். டிரான்ஸ்பார்மரின் காப்புக்கு இரண்டுக்கும் இடையேயான வித்தியாசம்தான் வலிக்கும். இரண்டும் கீழே குழியில் மட்டும் சந்தித்தாலும் போதாது. அரெஸ்டர் அடியிலிருந்து தரை வரைக்குமான ஆறேழு மீட்டர் முழுவதும் கணக்கில் சேர்ந்துவிடும்.

இப்படிச் சேர்த்துக் கட்டும்போது தாழ்வழுத்தப் பக்கத்தின் நியூட்ரலையும் டேங்கோடு கட்ட வேண்டியிருக்கும். கட்டாவிட்டால் எழும்பும் டேங்கிலிருந்து நியூட்ரல் புஷ்ஷிங்குக்குப் பொறி பாயும். கட்டினால் எழும்பிய மின்னழுத்தத்தில் ஒரு பகுதி நியூட்ரல் கம்பி வழியே வீடுகளுக்குக் கிளம்பும். டிவி எரிவது அதனால்தான். தாழ்வழுத்தப் பக்கத்துக்கும் சிறிய அரெஸ்டர்கள் போடுவதும், நியூட்ரலை அடுத்தடுத்த கம்பங்களில் மறுபடி மறுபடி எர்த் செய்வதும் இதற்கான மருந்து. சுகமான விடை இதற்கு இல்லை, டிரான்ஸ்பார்மரைக் காப்பதற்கு வீடுகள் கொஞ்சம் விலை கொடுக்கின்றன.

டேங்கில் பொருத்துவது இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லோரும் மேலே வைக்கிறார்கள்? ஒரு நியாயமான காரணம் உண்டு. மேலே வைத்தால் அரெஸ்டர் ஃப்யூஸுக்கு முன்னால் வந்துவிடும். மின்னலின் மின்னோட்டம் ஃப்யூஸ் வழியே போகாது. டேங்கில் வைத்தால் அத்தனையும் ஃப்யூஸைத் தாண்டித்தான் போக வேண்டும். 25 கேவிஏ போன்ற சிறிய டிரான்ஸ்பார்மருக்குப் போடும் மெல்லிய ஃப்யூஸ் கம்பி ஒவ்வொரு இடிக்கும் உருகி விழும். இரவில் மழையில் ஏறிப் போட வேண்டியவர் லைன்மேன். 100 கேவிஏவுக்குப் போடும் சற்றுத் தடித்த ஃப்யூஸ் அதைப் பெரும்பாலும் தாங்கும். என் கணக்கில் ஃப்யூஸ் மலிவு, டிரான்ஸ்பார்மர் விலை லட்சங்களில். ஆனால் அந்தக் கணக்கைக் கம்பம் ஏறாதவன் போடுவது எளிது. இடம் மாற்ற முடியாத கம்பங்களில் இரண்டு காரியம் செய்யலாம். லைனிலிருந்து அரெஸ்டருக்குக் கிளைக் கம்பி விடாமல், வரும் கம்பியையே அரெஸ்டரின் தலைக்குக் கொண்டுபோய் அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்கு இறக்கலாம். மேல் ஜம்பரின் ஒரு மீட்டர் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். அரெஸ்டர்களை டேங்குக்கு எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வான கிராஸ் ஆர்முக்கு இறக்கலாம்.

"அடுத்த கம்பத்துலயும் அரெஸ்டர் இருக்கே" என்பது ஒரு ஆறுதல். 60 மீட்டர் தள்ளி இருக்கும் அரெஸ்டர் டிரான்ஸ்பார்மருக்குப் பெரிதாக உதவாது. அலை மைக்ரோவினாடிக்கு 300 மீட்டர் ஓடுகிறது. டிரான்ஸ்பார்மரில் மோதித் திரும்பிய செய்தி அந்த அரெஸ்டரை அடைந்து, அதன் பதில் மறுபடி வந்து சேர 0.4 மைக்ரோவினாடி ஆகும். அதற்குள் மின்னழுத்தம் அரெஸ்டர் மட்டத்தின் இரட்டிப்புவரை ஏறிவிடலாம். 33இன் இரட்டிப்பு 66, அந்தக் கம்பத்தின் ஜம்பர் கம்பியையும் சேர்த்தால் 75 கடந்துவிடும்.

கடைசியாக, பழுதான அரெஸ்டர். பெரும்பாலும் இது மின்னலால் சாவதில்லை, ஈரத்தால் சாகிறது. மேல் மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்து உள்ளே ஈரம் புகுந்தால் வில்லைகளின் ஓரமாகக் கசிவு கூடும், சூடாகும், சூட்டில் இன்னும் கசியும். ஒருநாள் முழுவதும் ஷார்ட் ஆகி ஃபீடரைக் கீழே தள்ளும். பழுதைத் தேடி வந்த லைன்மேன் ஜே.இ.யிடம் போனில் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "சார், ஒரு எல்.ஏ. போயிடுச்சு. ஜம்பரைக் கழட்டி விட்டுட்டேன், லைன் வந்துடுச்சு." அந்த நேரத்துக்கு அது சரியான வேலை. ஊருக்குக் கரண்ட் வந்துவிட்டது. ஆனால் புது அரெஸ்டர் வரும்வரை அந்த ஒரு லைன் வழியே டிரான்ஸ்பார்மர் திறந்து கிடக்கிறது. கரண்ட் இருப்பதால் யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள். அடுத்த இடியில்தான் தெரியும். எரிந்த டிரான்ஸ்பார்மரைப் பிரித்துப் பார்த்தால், உயரழுத்தச் சுருளில் லைன் முனையை ஒட்டிய முதல் சில சுற்றுகள் மட்டும் கருகி, மற்றவை நன்றாக இருக்கும். லோடு அதிகமாகி எரிந்ததென்றால் சுருள் முழுவதும் பழுப்பேறியிருக்கும். இந்த வித்தியாசத்தை வைத்து மின்னல் குற்றவாளியா இல்லையா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

சில அரெஸ்டர்களின் அடியில் ஒரு சிறு துண்டிப்பான் இருக்கும். அரெஸ்டர் பழுதானால் அது சிறு வெடியாக வெடித்து எர்த் கம்பியைத் தனியே கழற்றிவிடும். ஃபீடர் டிரிப் ஆகாமலே, அல்லது ஒரு நொடி விழுந்து மறுபடி எழுந்தே, எல்லாம் சரியாகிவிடும். யாருக்கும் போன் போகாது. அதனால் இடி மழைக்கு மறுநாள் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியது மூன்றே இடங்கள்: ஒவ்வொரு அரெஸ்டரின் தலையிலும் ஜம்பர் இருக்கிறதா, அடியில் எர்த் கம்பி தொங்காமல் இணைந்திருக்கிறதா, அந்தக் கம்பி டேங்கோடு குறுகிய வழியில் போய்ச் சேர்கிறதா. மூன்றாவதைச் சரிபார்க்க ஒரு மீட்டர் டேப் எடுத்துப்போவது உதவும். லைனை முறைப்படி ஷட்டவுன் எடுத்து எர்த் செய்த பிறகு, புஷ்ஷிங் தலையிலிருந்து அரெஸ்டர் தலைக்கும், அரெஸ்டர் அடியிலிருந்து டேங்குக்கும் உள்ள கம்பியை அளந்து, மீட்டருக்குப் பத்து கிலோவோல்ட் வீதம் 33ஓடு கூட்டிப் பாருங்கள். 62ஐத் தாண்டினால் 20 சதவீதம் இல்லை என்று பொருள். கம்பியை வெட்டிச் சுருக்க அதே ஷட்டவுன் போதும்.